ரிசப்ஷனில் திடீரென்று டோஸ்ட் சொல்லக் கூப்பிட்டால்

கேள்வி: போன வாரம் ஆபீஸ் தோழியின் கல்யாண ரிசப்ஷன், சர்ச் ஹாலில். கேக் வெட்டி முடித்ததும் மைக் பிடித்திருந்தவர் திடீரென்று என் பெயரைச் சொல்லி, "ஒரு நிமிஷம் வந்து டோஸ்ட் சொல்லுங்க" என்று கூப்பிட்டுவிட்டார். "ரொம்ப நல்ல பொண்ணு, எப்பவும் சிரிச்ச முகம், ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்று ஏதோ சொன்னேன். யாருமே கிளாஸைத் தூக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தோழிக்குக் கல்யாணம், அங்கேயும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. யோசிக்க நேரமே இல்லாதபோது ஒரு நிமிடத்தில் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான விஷயம் வந்துவிட்டது: யாருமே கிளாஸைத் தூக்கவில்லை. பேச்சு நன்றாக இல்லாததால் அப்படி நடக்கவில்லை. எப்போது தூக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "நல்லா இருக்கணும்" என்று நீங்கள் முடித்தபோது அது முடிவா, இன்னும் ஏதாவது வருமா என்று முன்வரிசைக்கே பிடிபட்டிருக்காது. கையில் திராட்சை ஜூஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்திருப்பார்கள், அவர் இவரைப் பார்த்திருப்பார், அதற்குள் நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

சர்ச் ரிசப்ஷன்களில் பல வருடமாக மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்கிறேன், அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் ஏறக்குறைய ஒரே வரிசைதான். மணமக்கள் உள்ளே வருவார்கள், ஆரம்ப ஜெபம், கேக், டோஸ்ட், அப்புறம் வாழ்த்துரைகள், நடுநடுவே பாட்டு, நன்றியுரை, முடிவு ஜெபம், சாப்பாடு. சில வீடுகளில் முன்பின் மாறும். இதில் டோஸ்ட்டும் வாழ்த்துரையும் வேறு வேறு வேலை. வாழ்த்துரையில் நீங்கள் பேசுகிறீர்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள். டோஸ்ட்டில் ஹாலில் உள்ள முந்நூறு, நானூறு பேரும் ஒரே நொடியில் ஒன்றைச் செய்ய வேண்டும், அதற்கான சைகை உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். மிச்சப் பேச்செல்லாம் அந்த நொடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி மட்டுமே.

அதனால் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் தீர்மானிக்க வேண்டியது கடைசி வரி. பெரும்பாலானவர்கள் "எப்படி ஆரம்பிப்பது" என்று யோசித்துக்கொண்டே மேடைக்கு வருகிறார்கள், ஆரம்பம் நன்றாகவே அமைந்துவிடுகிறது, அப்புறம் நிறுத்தத் தெரியாமல் "இன்னும் என்ன சொல்லலாம்னா…" என்று இழுக்கிறார்கள். கடைசி வரி கையில் இருந்தால் நடுவில் எங்கே தடுமாறினாலும் நேராக அதற்குத் தாவிவிடலாம். அந்த வரியை யோசித்துக் கண்டுபிடிக்கவும் வேண்டாம், எல்லாக் கல்யாணத்துக்கும் ஒன்றே போதும். பெண்ணுக்கு மேரி, மாப்பிள்ளைக்கு ஜான் என்று வைத்துக்கொள்வோம். "எல்லாரும் கோப்பையைக் கையில் எடுத்துக்குங்க. நான் சொன்னதும் சேர்ந்து சொல்லுவோம்." இங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு கையை உயர்த்தி, "மேரிக்கும் ஜானுக்கும்!" முடிந்தது. ஹால் அதையே திருப்பிச் சொல்லும், அல்லது "சியர்ஸ்" என்று சொல்லும், எப்படியானாலும் கைகள் மேலே போகும். இரண்டு சொல் என்பதால்தான் கூட்டம் திருப்பிச் சொல்கிறது. "மணமக்கள் இருவரும் எல்லா நலனும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க" என்று முடித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு நீளத்தை யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள், கைதட்டுவார்கள், கிளாஸ் மேஜையிலேயே இருக்கும்.

அந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்திருப்பவர்கள் கோப்பையைத் தேடி எடுக்க மூன்று, நான்கு நொடி ஆகும். நீங்கள் மேடையில் நிற்கும்போது அந்த நான்கு நொடி ரொம்ப நீளமாகத் தெரியும், அதனால்தான் பலர் நிறுத்தாமல் ஓடிவிடுகிறார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டு, அவர் கையில் கோப்பை வந்த பிறகு பெயர்களைச் சொல்லுங்கள், அதுதான் சரியான அளவு. இன்னொன்று, பேச ஆரம்பிக்கும் முன்பே ஜூஸ் பரிமாறியாகிவிட்டதா என்று ஒரு பார்வை பாருங்கள். தட்டு இன்னும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறது என்றால் நிகழ்ச்சி நடத்துபவரிடம் மெதுவாகச் சொல்லி அரை நிமிடம் காத்திருங்கள். கடைசிவரை கோப்பை வந்து சேரவே இல்லையா, "கோப்பை இருக்கிறவங்க கோப்பையை, இல்லாதவங்க கையை உயர்த்துங்க" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். மணமக்கள் தங்களுக்குச் சொல்லப்படும் டோஸ்ட்டுக்குத் தாங்கள் குடிப்பதில்லை, வாங்கிக்கொள்கிறவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் கையில் கிளாஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, நடுவில் என்ன சொல்வது?

ஒரு நிமிடத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்ச் ஹால்கள் பெரும்பாலும் உயரமான கூரை, வெறும் தரை, எதிரொலி உள்ள இடங்கள், வேகமாகப் பேசினால் பின்வரிசைக்கு வெறும் இரைச்சல்தான் போய்ச் சேரும். நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 80, 90 சொற்களுக்கு மேல் போகாது. இந்தப் பத்தியில் மட்டுமே அதில் பாதிக்குமேல் இருக்கிறது! அதற்குள் இரண்டு சம்பவம் அடங்காது. ஒரு சம்பவமும் மூன்று குணங்களும்கூட அடங்காது. ஒரே ஒரு சம்பவம், அதைச் சொல்ல நீங்கள் யார் என்று ஒரு வரி, அதிலிருந்து இருவருக்கும் போகும் ஒரு வரி, அப்புறம் கோப்பை.

குணங்களைச் சொல்லக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், "நல்ல பொண்ணு, சிரிச்ச முகம், கடின உழைப்பாளி, எல்லாருக்கும் உதவுவா" என்பதை அந்த ஹாலில் எந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லலாம். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், யாரைப் பற்றி என்று யோசிக்கவே மாட்டார்கள். நீங்கள் மட்டும் பார்த்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லும்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் வீட்டுக்கு வரப்போகும் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. பெண் வீட்டாரே பார்க்காத ஒரு பக்கத்தைப் பார்த்தவர் நீங்கள், ஆபீஸ் தோழியைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

சம்பவத்தை எப்படித் தேடுவது? "அவளிடம் எனக்குப் பிடித்தது என்ன" என்று கேட்டுக்கொண்டால் மறுபடியும் குணங்கள்தான் வரும். அதற்குப் பதிலாக "அவள் எதையோ செய்துகொண்டிருந்ததை நான் எங்கே நின்று பார்த்தேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடமும் செயலும் உடனே மனதில் வரும், கேன்டீன், லிஃப்ட் வாசல், ஆட்டோ, மழை நாள் என்று ஏதாவது ஒன்று. பெரிய சம்பவம் வேண்டாம். வேலையை விட்டுப்போக இருந்த உங்களைத் தடுத்து நிறுத்தினாள் என்பது மாதிரிக் கதைக்கு முன்கதை சொல்லவே ஒரு நிமிடம் போய்விடும். முன்கதை வேண்டாத சம்பவமாக இருக்க வேண்டும், இரண்டு வாக்கியத்தில் காட்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உங்களுக்கு என்ன நினைவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகக் கட்டிக் காட்டுகிறேன். மேரியோடு நீங்கள் நாலு வருடம் பக்கத்து சீட். மாப்பிள்ளை ஜானை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறீர்கள், அவரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மேடைக்குப் போகும்போது மனதில் ஓடுவது இவ்வளவு: மேரி நன்றாகப் பாடுவாள், டிபன் பாக்ஸில் எல்லாருக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள், மார்ச் மாதக் கடைசி நாளில் கணக்கு முடிக்க நேரமானபோது புதிதாகச் சேர்ந்த பெண்ணை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாள், ஒரு தடவை மேனேஜரிடம் சண்டை போட்டாள்.

பாடுவது எல்லாருக்கும் தெரியும், சர்ச் குழுவில் கேட்டிருப்பார்கள், விட்டுவிடலாம். டிபன் பாக்ஸ் நல்ல விஷயம், ஆனால் அதைச் சொன்னால் "நல்லா சமைப்பா" என்று மருமகள் புகழாக மாறிவிடும், அந்தப் பக்கம் போக வேண்டாம். மேனேஜர் சண்டை சுவாரசியமானதுதான், அதற்கு முன்கதை வேண்டும், மேனேஜர் நாலாவது வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். மிஞ்சுவது ஹாஸ்டல். அதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, செயல் இருக்கிறது. குறை ஒன்றுதான், அதில் ஜான் இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யாமல் மைக்கைத் தொடக் கூடாது. டோஸ்ட் இருவருக்கும். ஐம்பது நொடி பெண்ணைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் "ஜானுக்கும் வாழ்த்துக்கள்" என்றால், ஜானின் வீட்டார் உட்கார்ந்திருக்கும் பாதி ஹால் வெளியே நிற்கிற மாதிரி ஆகிவிடும். அதே இரவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அன்று ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஒரு பைக் வந்ததே, மேரி போனில் சொல்லி வரவழைத்த ஜான்தானே அது. அதையும் பேச்சில் சேர்த்துவிடலாம், சம்பவம் இருவருக்கும் சொந்தமாகிவிடும். அப்படி எதுவும் இல்லையென்றாலும் வழி உண்டு. ஜானைப் பற்றி மேரி உங்களிடம் சொன்ன ஒரு வார்த்தை, அல்லது இன்று இந்த ஹாலில் ஜான் செய்ததாக நீங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. மேடையில் வரிசையில் நின்ற ஒரு வயதானவருக்கு மாப்பிள்ளையே கை கொடுத்துப் படி ஏற்றிவிட்டார் என்றால் அதை ஹாலில் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள், அதை நீங்கள் சொன்னதும் "ஆமா" என்று தலை அசையும்.

இப்போது பேச்சு இப்படி வரும்:

"எல்லாருக்கும் வணக்கம். மேரிக்குப் பக்கத்து சீட்டில் நாலு வருஷமா வேலை பார்க்கிறேன்.

போன மார்ச் கடைசி நாள் கணக்கு முடிக்க ராத்திரி பதினொரு மணி ஆயிருச்சு. புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி ஹாஸ்டலுக்குத் தனியா போகணும். மேரி வீடு எதிர்ப்பக்கம். இருந்தாலும் அவகூட ஆட்டோவில் ஏறினா. நானும் ஏறினேன். திரும்பிப் பார்த்தா பின்னாலேயே ஒரு பைக். ஜான். ஹாஸ்டல் கேட் திறந்து, மாடியில் லைட் எரியிற வரைக்கும் ரெண்டு பேரும் வாசல்லயே நின்னாங்க.

அடுத்தவங்க பத்திரமா வீடு சேர்ற வரைக்கும் நிக்கிற ரெண்டு பேர், இன்னைக்கு ஒரு வீடு தொடங்குறாங்க.

எல்லாரும் கோப்பையைக் கையில் எடுத்துக்குங்க. மேரிக்கும் ஜானுக்கும்!"

மொத்தம் எழுபது சொல். கோப்பை எடுக்கும் நிறுத்தத்தையும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் "நல்லவள்", "உதவும் மனசு" என்று ஒரு இடத்திலும் இல்லை என்பதைப் பாருங்கள். மாடியில் லைட் எரியும்வரை நின்றார்கள் என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. பேச்சில் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், அந்த லைட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். "பத்திரமா கொண்டுபோய் விட்டா" என்று சொன்னால் தகவல், லைட்டைச் சொன்னால்தான் கேட்கிறவர் அந்த வாசலில் நிற்கிறார். எந்தச் சம்பவத்திலும் இப்படி ஒரு சின்னத் துணுக்கு இருக்கும், நடந்து போகும்போது அதைத்தான் தேட வேண்டும்.

ஆனால் இதே பேச்சில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அந்த மார்ச் மாதம் நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலா, பின்னாலா? ராத்திரி பதினொரு மணிக்கு ஜான் பைக்கில் வந்தார் என்றால், அதற்கு முன்பே பழக்கம் என்று அர்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் காதலித்தது ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கும், ஆனால் வீட்டில் அது "வரன் வந்தது, பேசி முடித்தோம்" என்றே சொல்லப்பட்டிருக்கலாம், பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் அந்தக் கதைதான் தெரியும். நண்பர்கள் மைக்கில் "இவங்க ரெண்டு பேரும் காலேஜ்லயே…" என்று ஆரம்பிக்கும்போது மணப்பெண்ணின் முகம் இறுகிப்போவதை மேடை ஓரத்தில் நின்று நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எப்படிச் சந்தித்தார்கள் என்பதைத் தொடுவதாக இருந்தால், வீட்டில் எந்தக் கதை ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஜானின் பைக்கை எடுத்துவிட்டு, அவர் இன்று ஹாலில் செய்ததை வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயத்துக்குப் பின்னால் நடந்தது என்றால் "நிச்சயம் ஆன மறு மாசம்" என்று இரண்டு மூன்று சொல் சேர்த்துவிடுங்கள், யாருக்கும் சங்கடம் இல்லை.

இதுபோல் தொடக் கூடாத இன்னும் சில உண்டு. சம்பளம், வெளிநாட்டு விசா, "இனிமே உன் சுதந்திரம் போச்சு" என்பது மாதிரியான பழைய கிண்டல், "அடுத்த வருஷம் இந்நேரம் மூணு பேரா இருப்பீங்க" என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் ஆசீர்வாதம் என்றே நினைத்துச் சொல்கிறார்கள், ஆனால் முந்நூறு பேர் முன்னால் அந்தப் பெண் அதற்குச் சிரித்தாக வேண்டியிருக்கிறது. இறந்துபோனவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பெண்ணின் அப்பா இல்லை என்றால் அவரை நினைவுகூர வேண்டும் என்று தோன்றுவது நல்ல மனசுதான், ஆனால் அதை வீட்டாரில் ஒருவர், அதற்கென்று நேரம் எடுத்து, முன்கூட்டியே பெண்ணுக்குத் தெரியப்படுத்திச் செய்ய வேண்டும். ஒரு நிமிட டோஸ்ட்டில் எதிர்பாராமல் அது வந்தால் பெண் உடைந்துவிடுவாள், அந்த அழுகையை ஆற்ற உங்களுக்கு நேரம் இருக்காது, கோப்பையை உயர்த்தச் சொல்லவும் வாய் வராது.

ஆரம்ப வரியைப் பற்றி. "மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, உதவி ஆயர் அவர்களே, மணமகனின் பெற்றோர்களே…" என்று அவர்களே, அவர்களே என்று போனால் கால் நிமிடம் காலி. அதோடு ஒருவரை விட்டுவிட்டால் மனஸ்தாபம் வேறு. ஆயர் மேடையில் இருந்தால் அவரை மதிக்காமல் ஆரம்பிப்பதும் நம் வழக்கம் இல்லை. "ஆயர் அவர்களுக்கும் இரு வீட்டுப் பெரியவங்களுக்கும் வணக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், யாரையும் விட்டதாக ஆகாது. "திடீர்னு கூப்பிட்டுட்டாங்க, எனக்குப் பேச வராது" என்ற முன்னுரை வேண்டாம். அது பத்து நொடி தின்கிறது, கேட்கிறவர்களையும் உங்களுக்காகப் பயப்பட வைக்கிறது. வசனமும் குறளும் வேண்டாம் என்பேன். காலையில் ஆராதனையிலேயே கானா ஊர்க் கல்யாணமும் அன்பைப் பற்றிய அதிகாரமும் வந்திருக்கும், வாழ்த்துரையில் குறள் சொல்ல வேறு யாராவது நிச்சயம் இருப்பார்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆபீஸில் நீங்கள் கூப்பிடும் பெயரும் பத்திரிகையில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று நம் பக்கம் சர்வசாதாரணம். மாப்பிள்ளையின் பெயர் பதற்றத்தில் மறந்துபோவதும் நடக்கும். மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்திலோ எல்இடி திரையிலோ இருவர் பெயரும் பெரிதாக இருக்கும், எழுந்து நடக்கும்போதே அதை ஒரு தடவை வாய்க்குள் படித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிக்கு அந்தப் பெயர்களையே வைத்துக்கொண்டால் இரண்டு வீட்டாருக்கும் பழகிய பெயராக இருக்கும்.

உங்கள் நாற்காலியிலிருந்து மேடைக்கு நடக்கும் நேரம் பதினைந்து, இருபது நொடி இருக்கும், தயாரிப்புக்கு அதுதான் நேரம். அதில் மூன்றே வேலை: கடைசி வரிக்கான இரண்டு பெயர்கள், ஒரு சம்பவம், அதில் அந்தச் சின்னத் துணுக்கு. மற்றதெல்லாம் வாயிலிருந்து தானாக வரும். "ஐயோ நான் வரல, வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று மறுத்துக்கொண்டிருந்தால் இந்த நேரமும் போய்விடும், கடைசியில் எப்படியும் எழுப்பித்தான் விடுவார்கள். உண்மையிலேயே பேச முடியாத நிலை என்றால், மேடைக்குப் போய்க் கடைசி வரியை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். டோஸ்ட் என்ற வேலை அதிலேயே முடிந்துவிடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கோப்பையை முதலில் இருந்தே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நடுக்கம் இருந்தால் முதலில் தெரிவது பேப்பர் கப்பில்தான், திராட்சை ஜூஸ் பட்டுப்புடவையில் விழுந்தால் கறை போகாது. போடியத்திலோ பக்கத்து மேஜையிலோ வைத்துவிட்டு, "கோப்பையைக் கையில் எடுத்துக்குங்க" என்று சொல்லும்போது நீங்களும் எடுங்கள், ஹால் உங்களைப் பார்த்துத்தான் செய்யும். மைக்கை வாய்க்குக் கீழே, தாடையிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, தலைப்பகுதி வாயைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். அதன் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் கீச்சென்று கத்தும், பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் கத்தும். தட்டிப் பார்ப்பது, "ஹலோ ஹலோ" சொல்வது எல்லாம் வேண்டாம், கம்பியில்லாத மைக்கில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். பின்னால் கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தால் அது அடங்கும்வரை புன்னகையோடு நில்லுங்கள், அதற்கு மேலே கத்த வேண்டாம்.

நேரம் தாண்டிவிட்டது என்பதை ஹாலே காட்டிக்கொடுக்கும். முன்வரிசையில் உயர்த்தத் தயாராகப் பிடித்திருந்த கோப்பைகள் மெதுவாக மடிக்கு இறங்கும், சிலர் குடித்தே விடுவார்கள், நிகழ்ச்சி நடத்துபவர் உங்கள் பக்கம் இரண்டடி நகர்ந்து நிற்பார். இதில் ஒன்று தெரிந்ததும், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்து நேராகக் கோப்பைக்குப் போங்கள், சம்பவம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

அடுத்த மாதத்துக்குள் பழக வேண்டும் என்றால் உங்கள் ஊரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் இருக்கிறதா என்று பாருங்கள், 1924இல் அமெரிக்காவில் ஆரம்பித்த அமைப்பு, சென்னையில் நிறைய மன்றங்கள் உண்டு, விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். அங்கே டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி, தலைப்பை அந்த நிமிடமே கொடுத்துப் பேசச் சொல்வார்கள். ஒரு நிமிடம் ஆனதும் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், 2 நிமிடத்தில் சிவப்பு. ஒரு நிமிடம் என்பது உண்மையில் எவ்வளவு என்று உடம்புக்குப் புரிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே ஒரு நிமிடம் என்பது குறைந்தபட்ச அளவு, பச்சை வரும்வரை பேசியாக வேண்டும். ரிசப்ஷனில் பச்சை எரியும் நேரத்தில் கோப்பை மேலே போயிருக்க வேண்டும், அதனால் அந்தப் பழக்கத்தில் நீட்டிவிடாதீர்கள். மன்றத்துக்குப் போக முடியாவிட்டால் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, எழுதாமல், அந்தத் தோழியைப் பற்றி ஒரு சம்பவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை இரண்டு நிமிடத்தைத் தாண்டும். எதை வெட்டுவது என்று பார்த்தால், பெரும்பாலும் சம்பவத்துக்கு முன்னால் நீங்கள் கொடுத்த விளக்கம்தான் வெட்ட வேண்டியதாக இருக்கும்.

நீங்கள் நெருக்கமே இல்லாத கல்யாணத்தில், அப்பாவின் நண்பர் மகன் என்கிற அளவில் போயிருக்கும்போது கூப்பிட்டுவிட்டால் மணமக்களைத் தெரிந்த மாதிரிப் பேச வேண்டாம், உடனே தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரிந்தவர் அப்பாவின் நண்பர், அவரைப் பற்றிய ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள், அந்த வீட்டில் வளர்ந்தவர், அந்த வீட்டுக்கு வருகிறவர் என்று மணமக்களிடம் கொண்டுபோய் முடித்துவிடலாம். அளவு அதேதான், கடைசி வரியும் அதேதான்.

பெயர்களைச் சொல்லி, எல்லாரும் குடித்ததும் நீங்களும் ஒரு வாய் குடியுங்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். "அப்புறம் இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேன்" என்பது அங்கே நன்றாக நடந்து முடிந்ததைக் கலைத்துவிடும். மைக்கைப் போடியத்தில் வைக்காமல் நிகழ்ச்சி நடத்துபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், வாழ்த்துரைக்கு அடுத்தவரைக் கூப்பிட அவருக்கு அது உடனே வேண்டும்.